"வரும்போதே இருந்தது"ன்னு எழுதுறதுக்கு முன்னாடி, நோயாளியைத் திருப்பிப் பாத்தீங்களா?

1/
படுக்கைப் புண் பத்தி ஒரு நீண்ட த்ரெட். சக டாக்டர்கள் சிலருக்குக் கோபம் வரலாம், பரவாயில்லை. ஆனா பொதுமக்கள் கண்டிப்பா படிங்க. உங்க வீட்டுல வயசானவங்க யாராவது இருந்தா என்னைக்காவது ஒருநாள் இது உங்க பிரச்சினையாவும் வரும்.

2/
அரசு ஆஸ்பத்திரியில புதுசா அட்மிட் ஆகுற எந்த கேஸ் ஷீட்டை வேணும்னாலும் எடுத்துப் பாருங்க. சி.வி.எஸ், ஆர்.எஸ், பி.ஏ, சி.என்.எஸ்னு நாலு வரி இருக்கும். இதயம், நுரையீரல், வயிறு, நரம்பு மண்டலம். நாலுமே நோயாளி மல்லாந்து படுத்திருக்கும்போதே பாத்துடலாம். முதுகைப் பத்தி ஒரு வரி இருக்காது. குதிகாலைப் பத்தி இருக்கவே இருக்காது. அதாவது அந்த உடம்புல பாதியை யாரும் பாக்கலை.

3/
அஞ்சாவது நாள் நாத்தம் வரும். அப்போதான் திருப்பிப் பாப்பாங்க. இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியுற இடத்துல உள்ளங்கை அளவுக்குக் கருப்பா ஒரு புண். உடனே ரெண்டு சத்தம் கேக்கும். சொந்தக்காரங்க "ஆஸ்பத்திரியிலதான் வந்துச்சு"ம்பாங்க. வார்டுல இருக்கறவங்க "வரும்போதே இருந்துச்சு"ம்பாங்க. யார் சொல்றது உண்மை? முதல் நாள் யாரும் பாக்காததால, கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது.

4/
அப்புறம் நடக்குறதுதான் எனக்குக் கோபம். மெமோ போறது சிஸ்டருக்கு. ராத்திரி முழுக்க ஒத்தை ஆளா ஒரு வார்டையே பாத்துக்கிட்ட சிஸ்டருக்கு, "நோயாளியை ஏன் திருப்பிப் போடவில்லை?"ன்னு விளக்கம் கேட்டு ஒரு தாள். அட்மிஷன் போட்ட டாக்டர் ஏன் திருப்பிப் பாக்கலைன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

5/
இன்னொரு கூத்தும் உண்டு. மெமோவுக்குப் பயந்து, வர்ற எல்லா வயசானவங்க கேஸ் ஷீட்லயும் பாக்காமலேயே "பெட்சோர் ப்ரெசென்ட்"னு ரெண்டு வார்த்தை எழுதி வைக்குறது. இல்லைன்னா அஞ்சாவது நாள் புண்ணைப் பாத்துட்டு, முதல் நாள் பக்கத்துல கிடைக்குற இடுக்குல அதே ரெண்டு வார்த்தையைச் சொருகுறது. முதலாவது சோம்பேறித்தனம். ரெண்டாவது மோசடி. மை வேற, கையெழுத்து வேற, வரி நெருக்கி எழுதியிருக்கும். விசாரணைன்னு வந்தா அந்தச் சொருகல் ஒன்னே போதும், மொத்த கேஸ் ஷீட்டையும் யாரும் நம்ப மாட்டாங்க.

6/
நமக்கு அளந்து எழுதத் தெரியாதா? நல்லாவே தெரியும். ராத்திரி ரெண்டு மணிக்கு அடிதடி கேஸ் வந்தா ஏ.ஆர்.ல என்ன எழுதுறோம்? "இடது முன்கையில் 2 × 1 செ.மீ சிராய்ப்பு." ஒரு கீறலைக்கூட விடாம அளக்குறோம். ஏன்னா போலீஸ் வரும், கோர்ட் வரும். அதே ராத்திரி, ஆறு செ.மீ புண்ணோட வந்த பாட்டிக்கு ஸ்கேலைத் தொடுறதில்லை. ஏன்னா பாட்டிக்காக யாரும் வர மாட்டாங்க.

7/
ஒரு கேஸ் சொல்றேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன். எழுபது வயசு கடந்த அம்மா, ஆதிச்சநல்லூர் பக்கத்துல ஒரு கிராமம். முற்றத்துல வழுக்கி விழுந்து இடது இடுப்பு எலும்பு முறிவு. முதல்ல நாட்டுக்கட்டு போட்டு, பத்து நாள் வீட்டுலயே கட்டில்ல படுக்க வச்சிருந்தாங்க. வலி தாங்காம, காய்ச்சலும் வந்த பிறகு ஒரு ராத்திரி 11:40-க்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாங்க. மக கூட வந்தாங்க. மகன் சென்னையில வேலை.

8/
டூட்டி சிஸ்டர் நல்ல அனுபவசாலி. ஊசி, குளுக்கோஸ் எல்லாம் போட்டு வலி கொஞ்சம் அடங்கினதும், "சார், ஒரு கை பிடிங்க, திருப்பிப் பாத்துருவோம்"னாங்க. முறிஞ்ச கால் அசையாம, மூணு பேர் சேர்ந்து உடம்பைக் கட்டை மாதிரி ஒரே வாக்குல புரட்டினோம். முதுகெலும்பு அடிபட்டிருக்குமோன்னு சந்தேகம் இருந்தாலும் இதே மாதிரிதான் புரட்டணும். ஆளில்லாம ஒருத்தர் தனியா செய்யவே கூடாது.

9/
முதுகுக்குக் கீழே, நடுவுல ஒரு புண். தலை-கால் வாக்குல 6 செ.மீ, குறுக்கே 4 செ.மீ. மேலே கருப்பா செத்த தோல் மூடியிருந்துச்சு, ஓரம் ஈரமா நாத்தத்தோட. எலும்பு வரை போயிருக்கா, கொழுப்போட நிக்குதான்னு தெரியாது. அடி தெரியாத புண்ணுக்கு "மூணாவது நிலை", "நாலாவது நிலை"ன்னு ஊகிச்சு எழுதக் கூடாது. "நிலை கணிக்க முடியாதது"ன்னே எழுதணும். அதுவும் ஒரு முறையான வகைதான். அப்படியே எழுதினோம்.

10/
அதோட நிறுத்தலை. சிஸ்டர் நாட்டுக்கட்டை கணுக்கால் வரை அவிழ்த்தாங்க. இடது குதிகால்ல 3 × 3 செ.மீ அளவுல கத்தரிப்பூ நிறத்துல ஒரு திட்டு. தோல் கிழியலை, புண்ணே இல்லை. சும்மா அடிபட்ட கன்னிப்போன இடம் மாதிரி இருந்துச்சு. தொட்டா மத்த இடத்தை விடக் கொழகொழன்னு, அந்தம்மா வலியில காலை இழுத்தாங்க. இந்த த்ரெட்ல நீங்க ஒன்னே ஒன்னு ஞாபகம் வச்சுக்கணும்னா, இந்தத் திட்டை வச்சுக்கோங்க.

11/
ஏன்னா அழுத்தப் புண் பல நேரம் மேல இருந்து உள்ள போறதில்லை, உள்ள இருந்து மேல வருது. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவுல நசுங்குறதுல தசைதான் முதல்ல சாகும். தோல் அதை விடத் தாங்கும். அதனால உள்ள சதை செத்த பிறகும் ரெண்டு மூணு நாள் தோல் முழுசாவே இருக்கும். பொதுவா 48 முதல் 72 மணி நேரம் கழிச்சுதான் அந்த ஊதா நிறமே வெளியே தெரியும். அப்புறம் கொப்புளமாகி உடையும். இதுக்கு ஆழ்திசுக் காயம்னு பேர்.

12/
இப்போ கணக்குப் போடுங்க. சேதம் நடந்தது வீட்டுக் கட்டில்ல. உடையப் போறது நம்ம வார்டுல, மூணாவது நாள். முதல் ராத்திரி குதிகாலைப் பாக்காதவங்களுக்கு, அது சத்தியமா ஆஸ்பத்திரியில வந்த புண்ணாத்தான் தெரியும். அவங்க பொய் சொல்லலை, அவங்க கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். அதனால "புண் இருக்கா?"ன்னு மட்டும் பாத்தா பத்தாது. "தோல் நிறம், சூடு, மென்மை மாறியிருக்கா?"ன்னு பாக்கணும்.

13/
இதுல நம்ம ஊருக்குன்னு ஒரு சிக்கல் இருக்கு. பாடப்புத்தகத்துல முதல் நிலைன்னா "சிவந்த தோல், விரலால் அழுத்தினா வெளுக்காது"ன்னு இருக்கும். படத்துல இருக்கறது வெள்ளைத்தோல். வெயில்லயே வேலை செஞ்ச நம்ம ஊர் பாட்டி முதுகுல சிவப்பு எங்கே தெரியும்? நிறத்தை மட்டும் நம்பாதீங்க. பின்னங்கையை வச்சுப் பக்கத்துத் தோலோட ஒப்பிடுங்க. சூடா இருக்கா, சில்லுன்னு இருக்கா, இறுகியிருக்கா, கொழகொழன்னு இருக்கா, வலிக்குதா. நல்ல வெளிச்சத்துல பாருங்க. வார்டோட மங்கல் ட்யூப்லைட் போதாது, டார்ச் அடிங்க.

14/
அன்னைக்கு நாங்க என்ன எழுதினோம்னு அப்படியே சொல்றேன். தேதி, நேரம் 12:25. ரெண்டு இடம், எந்தப் பக்கம், நீள அகலம், நிறம், கசிவு, நாத்தம், சுத்தியிருக்கற தோல் எப்படி. மத்த இடங்கள், அதாவது வலது குதிகால், ரெண்டு இடுப்புப் பக்கம், தோள்பட்டை, முழங்கை, பின்மண்டை, "பார்த்தோம், இயல்பு". இந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம். நாளைக்கு வலது குதிகால்ல புண் வந்தா அது எங்க பொறுப்புன்னு நாங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. அந்த நேர்மை இருந்தாத்தான் மத்த வரிகளையும் நம்புவாங்க.

15/
அப்புறம் வரலாறு. "மகள் கூறியது: பத்து நாட்களாக வீட்டில் கட்டிலில் படுக்கை. ஐந்தாம் நாளிலிருந்து முதுகில் புண்." இதை மட்டும் எழுதினோம். "கவனிப்பின்மையால்"னு ஒரு வார்த்தை எழுதலை. எழுதவும் கூடாது. நாங்க பாத்தது புண்ணை, அவங்க வீட்டை இல்லை. நல்லா கவனிச்ச வீட்டுலயும் புண் வரும். கேஸ் ஷீட் தீர்ப்பு எழுதுற இடம் இல்லை.

16/
அந்த மகள் முதல்ல புண்ணைப் பத்திச் சொல்லவே இல்லை. சிஸ்டர் பக்குவமா கேட்ட பிறகுதான், "இருந்துச்சு சிஸ்டர், சொன்னா ஏசுவீங்கன்னு நெனச்சோம்"னு அழுதாங்க. புண்ணை அவங்களுக்கும் காட்டி, அளவைச் சொல்லி, "காட்டி விளக்கப்பட்டது"ன்னு எழுதி, அவங்க கையெழுத்தும் வாங்கினோம். கீழே சிஸ்டர் கையெழுத்து, அதுக்குக் கீழே டாக்டர் கையெழுத்து. ரெண்டும் வேணும்.

17/
போட்டோ எடுக்கணுமா? அனுமதி கேட்டு எடுக்கலாம். புண் பக்கத்துல காகித ஸ்கேல், அதுல தேதி, நேரம், ஐ.பி. நம்பர். முகம் வரக் கூடாது, தேவையில்லாத இடம் துணியால மூடியிருக்கணும். ஆஸ்பத்திரிப் பதிவுக்குப் போகணுமே தவிர, யார் போன்லயும் தங்கக் கூடாது. "இன்னைக்கு வந்த பெட்சோர் பாருங்க"ன்னு வாட்ஸ்அப் குரூப்ல போடுறவங்களுக்கு, அது ஒரு அம்மாவோட உடம்புங்க. அப்புறம் போட்டோவுல ஆழமும் நாத்தமும் சூடும் தெரியாது. எழுதினதுக்குத் துணையா இருக்கலாம், பதிலா இருக்க முடியாது.

18/
எழுதினதால என்ன ஆச்சு? இடுப்பு முறிவுன்னா வழக்கமா கால்ல பட்டை சுத்தி எடை கட்டித் தொங்க விடுவோம். அந்தப் பட்டையும் படுக்கையும் சேர்ந்து அந்த ஊதாக் குதிகாலைத்தான் நசுக்கியிருக்கும். குதிகால் பதிவாகியிருந்ததால எலும்பு டாக்டர் காலையில அதைப் படிச்சுட்டு எடை கட்டலை. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வச்சு குதிகாலை அந்தரத்துல நிறுத்தினாங்க. முதுகுல சீழ் இருந்ததால, ஆபரேஷனுக்கு முன்னாடி செத்த சதையை வெட்டி எடுத்தாங்க. மயக்க டாக்டருக்கும் முன்கூட்டியே தெரிஞ்சுது. முதுகுல ஊசி போடுற இடத்துக்குப் பக்கத்துல சீழ்ப் புண் இருந்தா அவர் யோசிக்கணும்.

19/
அதாவது அந்தப் பக்கம் எங்களைக் காப்பாத்துறதுக்கு முன்னாடி அந்தம்மாவைக் காப்பாத்துச்சு. "வரும்போதே இருந்தது"ங்கறதை வெறும் சட்டக் கேடயமா நினைக்கிறவங்களுக்கு இதுதான் என் பதில். கேடயத்துக்காக எழுதுறவன் "பெட்சோர் ப்ரெசென்ட்"னு நிறுத்திடுவான். வைத்தியத்துக்காக எழுதுறவன்தான் குதிகால் வரைக்கும் போவான். கடைசியில நல்ல கேடயமாவும் நிக்குறது ரெண்டாவது ஆள் எழுதினதுதான்.

20/
மூணாவது நாள் சென்னையில இருந்து மகன் வந்தார். அன்னைக்குத்தான் குதிகால் கொப்புளம் உடைஞ்சுது. பாத்துட்டு வார்டே அதிர, "எங்கம்மைய இங்க போட்டு அழுக வச்சுட்டீங்களே!"ன்னு கத்தினார். நியாயமான கோபம், அவர் பாத்தது அதைத்தான். சிஸ்டர் பதில் பேசலை, கேஸ் ஷீட்டை எடுத்து நீட்டினாங்க. முதல் ராத்திரி, நேரம், குதிகால், 3 × 3, ஊதா நிறம், "உடைய வாய்ப்பு உள்ளது என விளக்கப்பட்டது", கீழே தங்கச்சி கையெழுத்து. படிச்சார். தங்கச்சியைப் பாத்தார். அப்புறம் "இனி என்ன செய்யணும் சிஸ்டர்?"னு கேட்டார். அந்தக் கேள்விக்கு வர்றதுக்குத்தான் அவ்வளவும்.

21/
இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவுல 2008 அக்டோபர் 1-ல இருந்து மெடிகேர் ஒரு விதி கொண்டு வந்துச்சு. மூணாவது, நாலாவது நிலை அழுத்தப் புண் ஆஸ்பத்திரியில வந்திருந்தா அதுக்கான கூடுதல் பணம் தர மாட்டோம். வரும்போதே இருந்திருந்தா தருவோம். அங்கே புண்ணோட நிலையை நர்ஸ் எழுதினது செல்லும், ஆனா புண் இருக்குங்கற நோயறிதலை டாக்டர்தான் எழுதணும். டாக்டர் எழுதலைன்னா, நர்ஸ் பக்கம் பக்கமா எழுதியிருந்தாலும் கணக்குல ஏறாது. இங்கே டாக்டருக்கு வேலையே இல்லாத மாதிரி நடந்துக்குறோம்.

22/
நம்ம நாட்டுலயும் என்.ஏ.பி.எச் தரச்சான்றுல, அட்மிட் ஆன பிறகு வந்த படுக்கைப் புண்ணைத்தான் எண்ணச் சொல்றாங்க. "பிறகு"ங்கற சொல்லைக் கவனிங்க. முன்னாடி என்ன இருந்துச்சுன்னு எழுதாம பிறகு வந்ததை எப்படி எண்ணுவீங்க? முதல் நாள் பக்கம் காலியா இருக்கற வார்டுல எடுக்கற எந்தக் கணக்கும் கற்பனைக் கணக்குத்தான். அதை வச்சு மெமோ கொடுக்கறது அநியாயம்.

23/
ஆதிச்சநல்லூர்க்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கறது எளிது. அங்கே தோண்டுறவங்க தாழியைக் கண்டதும் தூக்கிட மாட்டாங்க. எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு, பக்கத்துல என்ன கிடக்குன்னு அளந்து, படம் எடுத்து, எழுதின பிறகுதான் கை வைப்பாங்க. எடுத்த பிறகு தாழி இருக்கும், இருந்த நிலை இருக்காது. புண்ணும் அப்படித்தான். கழுவி, வெட்டி, கட்டுப் போட்ட பிறகு முதல் நிலையை யாராலும் திரும்பக் கொண்டு வர முடியாது. கட்டுறதுக்கு முன்னாடி அளங்க.

24/
எதிர்க்கேள்வி வரும்: "டாக்டர், கேஷுவால்டியில மூச்சுத் திணறல்ல வர்றவரைப் புரட்டிக்கிட்டா இருப்பாங்க?" இல்லை. முதல்ல உயிர். ஆனா வார்டுக்கு வந்து நிலைச்ச பிறகு, அதே ஷிஃப்ட்ல பாக்கலாமே. எப்படியும் பெட்ஷீட் மாத்த, எக்ஸ்ரே எடுக்கத் திருப்பத்தானே போறோம். முடியவே முடியலைன்னா "நிலை சரியில்லாததால் முதுகு பார்க்கப்படவில்லை"ன்னு நேரம் போட்டு எழுதுங்க. பாக்காததை "பாக்கலை"ன்னு எழுதறதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

25/
"அப்போ வரும்போதே இருந்ததுன்னு எழுதிட்டா தப்பிச்சுக்கலாமா?" கூடாது. ரெண்டாவது நிலையில வந்த புண் நம்மகிட்ட மூணாவது நிலைக்குப் போனா, அந்தப் போனது நம்ம கணக்கு. அதே சமயம் உண்மையிலேயே பழைய புண்ணா இல்லையான்னு புண்ணே கொஞ்சம் சொல்லும். காய்ஞ்சு இறுகின கருந்தோலும், உள்பக்கமா சுருண்ட ஓரமும் ஒரே ராத்திரியில வராது. அதுக்குப் பல நாள் வேணும். ஆனா இதை வச்சுத் தேதி சொல்ல முடியாது. தேதியைச் சொல்லக்கூடியது முதல் நாள் எழுதின பக்கம் மட்டும்தான்.

26/
இன்னொரு தவறும் பாக்குறேன். மூத்திரம், மலம் பட்டு ஊறின தோல் சிவந்து உரிஞ்சிருக்கும். அதையும் படுக்கைப் புண்ணுன்னு எழுதிடுறோம். ஈரப்புண் பெரும்பாலும் தோல் மடிப்புலயும் ரெண்டு பக்கமும் பரவலாவும் இருக்கும், எல்லை தெளிவா இருக்காது. அழுத்தப் புண் எலும்பு முட்டுற இடத்துல, எல்லையோட இருக்கும். ரெண்டும் சேர்ந்தும் வரும். வைத்தியம் வேற வேற, அதனால பேரும் சரியா இருக்கணும்.

27/
பொதுமக்களுக்கு. படுத்த படுக்கையா இருக்கறவங்களைக் கூட்டிட்டு வந்தா, புண் இருந்தா மறைக்காதீங்க. ஏசினா ஏசட்டும், நீங்க மறைச்சா பாதிக்கப்படறது அவங்கதான். புண் இல்லைன்னாலும் "முதுகும் குதிகாலும் பாத்து எழுதிட்டீங்களா?"ன்னு தைரியமா கேளுங்க. டிஸ்சார்ஜ் ஆகும்போதும், வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போதும் இதே கேள்வி. ரெஃபரல் தாள்ல தோல் நிலை எழுதியிருக்கணும். இல்லைன்னா அடுத்த ஆஸ்பத்திரியில இதே சண்டை மறுபடி நடக்கும்.

28/
கேஸ் ஷீட் நகல் கேக்கறது உங்க உரிமை. 2002-ம் வருஷ மருத்துவ ஒழுக்க விதிகள்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள ஆவணங்களைத் தரணும். சந்தேகம் இருந்தா வார்டுல சிஸ்டர் மேல பாயாதீங்க. நகல் கேளுங்க, முதல் பக்கத்தைப் படிங்க. அங்கே ஒன்னுமே எழுதலைன்னா, அப்போ கேள்வி கேக்க வேண்டியது சிஸ்டர்கிட்ட மட்டும் இல்லை, அட்மிஷன் போட்ட டாக்டர்கிட்டயும்தான்.

29/
நிர்வாகத்துக்கு என் கோரிக்கை மூணே மூணு. அட்மிஷன் கேஸ் ஷீட்ல சி.என்.எஸ்-க்குக் கீழே "முதுகு, குதிகால்"னு ஒரு வரி அச்சடிங்க, டாக்டர் கையெழுத்தோட. ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கட்டு காகித ஸ்கேலும் ஒரு டார்ச்சும் கொடுங்க. முதல் நாள் பக்கத்தைப் படிக்காம எந்த சிஸ்டருக்கும் படுக்கைப் புண் மெமோ போடாதீங்க. இதுக்குப் புதுக் கட்டடமும் வேண்டாம், புது மெஷினும் வேண்டாம்.

30/
சக டாக்டர்களுக்குக் கடைசியா. இன்னைக்கு ராத்திரி டூட்டியில இருக்கறவங்க, அடுத்து வர்ற படுத்த படுக்கை நோயாளியை சிஸ்டரோட சேர்ந்து ஒரு தடவை திருப்பிப் பாருங்க. கட்டு இருந்தா அவிழ்த்துப் பாருங்க. பாத்ததை அளந்து எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பாத்துட்டு எழுதுங்க, அவ்வளவுதான்.

வார்டுல வேலை பாக்குறவங்களுக்கும், வீட்டுல படுத்த படுக்கையா ஆள் வச்சிருக்கறவங்களுக்கும் பகிருங்க.